பழைய கணக்குகளைத் தேடி மூடுவது: எங்கே மாட்டிக்கொண்டீர்கள்?

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிற என் பெரியம்மா ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. ஒரு நாள் ராத்திரி அவர் போனுக்கு ஓர் ஓடிபி வந்தது. அனுப்பியது அவருக்கு நினைவே இல்லாத ஏதோ ஒரு ஆன்லைன் கடை. "டேய், இது என்ன கடைடா, நான் எப்போ இதுல சேர்ந்தேன்?" என்று எனக்கு போன் செய்தார். யாரோ அவருடைய பழைய கணக்கில் நுழையப் பார்த்திருக்கிறார்கள். இப்படி எத்தனை கணக்கு இருக்கும் என்று கேட்டதற்கு, பத்துப் பன்னிரண்டு இருக்கும் என்றார். மூன்று ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து தேடியதில் 58 கிடைத்தது.

அந்த மூன்று ஞாயிறிலும் எங்கெங்கே மாட்டிக்கொண்டேனோ அதே வரிசையில்தான் எழுதுகிறேன். முழுசாகப் படிக்க வேண்டாம், உங்களுக்கு எந்தத் தொந்தரவோ அங்கே போய்ப் பாருங்கள். ஆனால் இரண்டு விஷயம் எல்லோருக்கும். கணக்கை மூடி முடிக்கும்வரை அது சம்பந்தப்பட்ட பழைய மெயிலை அழிக்காதீர்கள், உங்களிடம் இருக்கிற ஒரே அத்தாட்சி அதுதான். அப்புறம், மெயில் கணக்கையே மூடுவதாக இருந்தால் அதைக் கடைசியில் மூடுங்கள், ஏனென்றால் மற்ற எல்லாக் கதவுக்கும் சாவி அங்கேதான் வருகிறது.

"welcome என்று தேடினேன், ஆயிரக்கணக்கில் கொட்டுகிறது"

எல்லோரும் முதலில் தேடுவது இந்தச் சொல்லைத்தான். பிரச்சினை என்னவென்றால் விளம்பர மெயிலிலும் அந்தச் சொல் இருக்கும், வசந்தத்தை வரவேற்போம், தள்ளுபடிக்கு வரவேற்கிறோம் என்று வருஷம் முழுக்க அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். அதனால் தலைப்பில் மட்டும் தேட வேண்டும், அதுவும் ஒரு தடவைக்கு ஒரே ஒரு வருஷம், பழையதிலிருந்து ஆரம்பித்து. பெரியம்மா ஜிமெயிலுக்கு மாறியது 2009-இல், எனவே நான் தொடங்கியது இப்படி:

```
in:anywhere after:2009/01/01 before:2010/01/01 subject:(welcome OR verify OR confirm OR activate OR registration)
```

`in:anywhere` போட்டால்தான் ஸ்பாமும் குப்பைத் தொட்டியும் சேர்ந்து தேடப்படும். `OR` பெரிய எழுத்தில் இருக்க வேண்டும், சின்ன எழுத்தில் போட்டால் அதையும் ஒரு சொல்லாக எடுத்துக்கொள்ளும். பாதிச் சொல்லை வைத்தும் தேட முடியாது, `regist` என்று அடித்தால் registration வராது. இந்த நாட்டில் இன்னொன்றும் உண்டு, ஆஃப்ரிகான்ஸ் மொழி. ஒரு புத்தகக் கடையின் கணக்கு எல்லாத் தேடலிலும் தப்பிவிட்டது, ஏனென்றால் அவர்கள் அனுப்பிய மெயிலின் தலைப்பு ஆங்கிலத்திலேயே இல்லை. `welkom OR bevestig OR wagwoord` என்று ஒரு தடவை தனியாகத் தேடிவிடுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால், கணினியில் ஜிமெயில் அமைப்புகளுக்குப் போய் Conversation view என்பதை அணைத்துவிட்டு, கீழே வரை உருட்டி Save Changes அழுத்துங்கள். அது அணையாமல் இருந்தால் ஒரே தலைப்பில் வந்த மெயில்கள் கட்டுக்கட்டாகச் சேர்ந்து நிற்கும், அடுத்து சொல்லப்போகும் உரிக்கிற வேலை சரியாக நடக்காது.

உரிக்கிற வேலை என்பது வெங்காயம் உரிப்பது மாதிரிதான். ஒரு கடையின் பெயர் தட்டுப்பட்டதும் அதைத் தாளில் எழுதிக்கொண்டு, `in:anywhere from:` போட்டு அந்தக் கடையின் எல்லா மெயிலையும் எடுத்து, எல்லாவற்றுக்கும் ஒரு லேபிள் ஒட்டிவிடுங்கள். நான் `done` என்று வைத்தேன். மேலே இருக்கிற பெட்டியை டிக் செய்தால் அந்தப் பக்கத்தில் தெரிகிறவை மட்டும்தான் தேர்வாகும், பக்கத்திலேயே இந்தத் தேடலுக்குப் பொருந்தும் எல்லாம் என்று ஒரு வரி வரும், அதையும் அழுத்த வேண்டும். அதன் பிறகு ஒவ்வொரு தேடலின் முடிவிலும் `-label:done` சேர்த்துக்கொண்டே போங்கள். பார்த்ததெல்லாம் மறைந்து பார்க்காதது மட்டும் மிஞ்சும். முதல் ஞாயிறு மதியம் இதிலேயே போய்விட்டது, ஆனால் 39 பெயர் சிக்கியது.

"கணக்கு இருந்ததாக நினைவு, ஆனால் வரவேற்பு மெயிலே இல்லை"

பலர் இங்கேதான் கைவிடுகிறார்கள். மெயில்பெட்டி நிறைந்துபோய் எப்போதோ மொத்தமாக அழித்திருப்பார்கள், அல்லது கணக்கு தொடங்கியது வேறொரு முகவரியிலிருந்து. முதல் மெயில் இல்லையென்றால் வேறு எப்போது அந்த நிறுவனம் எழுதியிருக்கும் என்று யோசிக்க வேண்டும். வருஷக்கணக்கில் வாயே திறக்காத நிறுவனங்கள்கூடக் கட்டாயத்தின் பேரில் பேசிய இரண்டு சமயங்கள் உண்டு.

ஒன்று 2018 மே. ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த வருஷம் மே 25-இல் நடைமுறைக்கு வந்தது, அதற்கு முந்தின வாரங்களில் உலகம் முழுக்க நிறுவனங்கள் தங்கள் தனியுரிமைக் கொள்கையை மாற்றிவிட்டதாக மெயில் அனுப்பித் தள்ளின. இரண்டாவது நம் ஊர்ச் சமாசாரம். தனிப்பட்ட தகவலைப் பாதுகாக்கும் போப்பியா சட்டம் 2020 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்து, நிறுவனங்களுக்கு ஒரு வருஷம் அவகாசம் கொடுத்திருந்தார்கள், அது 2021 ஜூன் 30-உடன் முடிந்தது. கடைசி நாள்வரை சும்மா இருந்துவிட்டு அந்தச் சில வாரத்தில் எல்லோரும் சேர்ந்து எழுதினார்கள். அப்போது அவற்றை யாரும் படித்திருக்க மாட்டோம். இப்போது அவை நமக்காக யாரோ எழுதி வைத்த பட்டியல் மாதிரி:

```
in:anywhere after:2018/05/01 before:2018/06/15 privacy -label:done
in:anywhere after:2021/06/01 before:2021/07/15 (popia OR popi OR privacy) -label:done
```

இரண்டையும் தனித்தனியாகத் தேட வேண்டும். பெரியம்மாவின் பெட்டியில் இந்த இரண்டு வலையிலும் சேர்த்து 19 புதுப் பெயர் விழுந்தது. நீண்ட தூரப் பேருந்துக்கு டிக்கெட் எடுத்த தளம், எப்போதோ ஒரு தடவை படம் அச்சடிக்கக் கொடுத்த தளம், அப்புறம் ஒரு குடும்ப மரத் தளம். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. இந்த மெயில் வந்தது என்பதாலேயே அங்கே கணக்கு இருக்கிறது என்று அர்த்தமில்லை. வெறும் செய்திமடல் பட்டியலில் இருந்தாலும் அனுப்பியிருப்பார்கள். அதனால் ஒவ்வொன்றையும் அந்தத் தளத்துக்கே போய்ச் சோதிக்க வேண்டும். அந்த மெயிலில் இருக்கிற இணைப்பை அழுத்திப் போகாதீர்கள், பழைய நிறுவனத்தின் பெயரை இப்போது வேறு யாராவது வாங்கியிருக்கலாம். தளம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று தனியாகத் தேடிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

"பாஸ்வேர்ட் மறந்துவிட்டது என்று கொடுத்தேன், மெயில் வரவே இல்லை"

முதலில் அந்தத் தளம் திரையில் என்ன சொன்னது என்று கவனமாகப் படியுங்கள். "இந்த முகவரியில் கணக்கு இருந்தால் மெயில் அனுப்புவோம்" என்ற தோரணையில் சொல்லியிருந்தால், கணக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே வரிதான் வரும். கண்டவனும் வந்து யாருக்கு இங்கே கணக்கு இருக்கிறது என்று தெரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். கால் மணி நேரம் காத்திருந்து ஸ்பாமையும் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லையென்றால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று.

கணக்கு வேறு முகவரியில் இருக்கலாம். பெரியம்மாவுக்கு ஜிமெயிலுக்கு முன்னால் இணைய இணைப்பு கொடுத்த நிறுவனத்தின் முகவரி ஒன்று இருந்தது, அதற்கு வருகிற மெயில் கொஞ்ச காலம் ஜிமெயிலுக்குத் திருப்பிவிடப்பட்டிருந்தது. அந்த நிறுவனத்தின் மெயில் சேவை பிற்பாடு நின்றுவிட்டது. திறந்த மெயிலில் `to me` பக்கத்தில் இருக்கிற சின்ன அம்புக்குறியை அழுத்திப் பாருங்கள், உண்மையில் எந்த முகவரிக்கு வந்தது என்று தெரியும். பழைய முகவரி என்ன என்று தெரிந்துவிட்டால் `to:` போட்டு அந்த முகவரியைத் தேடினால் அதற்கு வந்ததெல்லாம் ஒரே இடத்தில் நிற்கும். பெரியம்மாவுக்கு இப்படி 6 கணக்கு. அந்தப் பெட்டி செத்துவிட்டதால் அவற்றில் பாஸ்வேர்டை மாற்ற வழியே இல்லை, கீழே சொல்கிற மாதிரி நிறுவனத்துக்கு எழுதிக் கேட்பதுதான் வழி.

ஃபேஸ்புக்கோ கூகுளோ வழியாக நுழைந்த கணக்காக இருக்கலாம். அப்படியானால் அதற்குத் தனியாக பாஸ்வேர்டே இருக்காது, அதனால் மாற்றவும் ஒன்றும் இருக்காது. ஃபேஸ்புக் அமைப்புகளில் Apps and websites பக்கத்தையும், கூகுளுக்கு `myaccount.google.com/connections` பக்கத்தையும் பாருங்கள், இப்படி ஒட்டிக்கொண்டிருப்பவை அங்கே தெரியும்.

மூன்றாவது காரணம் பலருக்குத் தெரியாது. உங்கள் பெட்டி எப்போதாவது நிறைந்துபோய் அவர்கள் அனுப்பிய மெயில் திரும்பிப் போயிருந்தால், சில நிறுவனங்களின் மெயில் அனுப்பும் இயந்திரம் அந்த முகவரியைத் தடைப் பட்டியலில் போட்டுவிடும். அதன் பிறகு எத்தனை தடவை கேட்டாலும் வராது. கணக்கு இருக்கிறதா என்று மட்டும் தெரிந்துகொள்ள, புதிதாகச் சேருகிற பக்கத்தில் உங்கள் முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். பல தளங்கள் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று சிவப்பில் சொல்லிவிடும். சொல்லாமல் அடுத்த பக்கத்துக்கு அழைத்துப் போனால் அங்கேயே நின்று மூடிவிடுங்கள், பழைய கணக்கை மூடப் போய்ப் புதுசாக ஒன்று திறந்துவிடாதீர்கள். நான் ஒன்று திறந்தேன்.

"மெயில் வருகிறது, ஆனால் உள்ளே இருக்கிற பெயர் என்னுடையது இல்லை"

டர்பனில் இது சாதாரணம். கோவெண்டர், நாயுடு, பிள்ளை, மூட்லி, நாயக்கர் என்று ஒரு கைவிரல் எண்ணிக்கைக் குடும்பப் பெயரில் பாதி ஊர் அடங்கிவிடும், முதலெழுத்தும் குடும்பப் பெயரும் சேர்த்து மெயில் முகவரி வைத்திருந்தால் அதே மாதிரி இன்னும் நூறு பேர் இருப்பார்கள். அவர்களில் ஒருவர் கடைக் கவுண்டரில் முகவரி சொல்லும்போது கடைசியில் இருக்கிற எண்ணை விட்டுவிடுவார், அது உங்களுக்கு வந்துவிடும். ஜிமெயில் முகவரியில் புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான், ஆனால் வெளித் தளங்கள் அவற்றை வேறு வேறாகவே எடுத்துக்கொள்ளும், அதனால் ஒரே ஆளுக்கு ஒரே கடையில் இரண்டு கணக்கு இருக்கவும் வாய்ப்பு உண்டு.

பெரியம்மாவின் பெட்டியில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கிற யாரோ ஒருவரின் ஜிம் ஒப்பந்தம் மாதா மாதம் வந்துகொண்டிருந்தது. அதே முதலெழுத்து, அதே குடும்பப் பெயர், ஊர் மட்டும் வேறு. பெரியம்மா ஜிம் வாசலைக்கூட மிதித்ததில்லை. இப்படிப்பட்டதில் பாஸ்வேர்டை மாற்றி உள்ளே போய் மூடுவது எளிது, செய்யவும் ஆசை வரும், செய்யாதீர்கள். அது வேறொருவரின் கணக்கு, முகவரி மட்டும்தான் உங்களுடையது. நிறுவனத்துக்கு எழுதி, இந்த முகவரி உங்கள் வாடிக்கையாளருடையது இல்லை, இதை நீக்குங்கள் என்று மட்டும் கேளுங்கள். மெயிலின் அடியில் இருக்கிற Unsubscribe விளம்பரத்தைத்தான் நிறுத்தும், பில்லை நிறுத்தாது.

"ஓடிபி பழைய எண்ணுக்குப் போகிறது"

ப்ரீபெய்டு எண்ணை ரொம்ப நாள் பயன்படுத்தாமல் விட்டால் கம்பெனி அதை வேறொருவருக்கு விற்றுவிடும். அந்த எண்ணை அழைத்து, ஓடிபியைப் படித்துச் சொல்லுங்கள் என்று கேட்காதீர்கள், மோசடிக்காரன் பேசுவதும் இதே மாதிரிதான், யாராக இருந்தாலும் போனை வைத்துவிடுவார்கள். நேராக அடுத்த வழிக்குப் போய்விடுங்கள்.

"கணக்கை மூடுகிற பொத்தானே இல்லை"

முதலில் `justdeleteme.xyz` பாருங்கள், பெரிய தளங்களின் மூடும் பக்கத்துக்கு நேர் இணைப்பு அங்கே இருக்கும். உள்ளூர் நிறுவனங்கள் அதில் பெரும்பாலும் கிடைக்காது. அவற்றுக்கு போப்பியாவின் 24-ஆம் பிரிவு இருக்கிறது, தேவையில்லாமல் வைத்திருக்கும் உங்கள் தகவலை அழிக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை அதில் வருகிறது. அதற்கான விண்ணப்பம் Form 2.

யாருக்கு அனுப்புவது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். வாடிக்கையாளர் சேவைக்கு அனுப்பினால் உங்கள் கருத்துக்கு நன்றி என்று ஒரு தானியங்கிப் பதில் வந்து அதோடு செத்துவிடும். தளத்தின் அடிப்பகுதியில் சின்ன எழுத்தில் PAIA Manual என்று ஒரு கோப்பு இருக்கும், அதைத் திறந்தால் இந்த விண்ணப்பங்களுக்குப் பொறுப்பான தகவல் அலுவலரின் பெயரும் மெயிலும் இருக்கும். இதைக் கண்டுபிடித்த பிறகுதான் எனக்குப் பதில்களே வர ஆரம்பித்தன.

எழுதும்போது கணக்கு எந்த முகவரியில் தொடங்கியது, எந்தத் தேதியில் மெயில் வந்தது, எதை அழிக்க வேண்டும் என்று மூன்றையும் சொல்லுங்கள், அந்தப் பழைய மெயிலையும் இணையுங்கள். முதலிலேயே அழிக்காதீர்கள் என்று சொன்னது இதற்காகத்தான். சட்டப் பிரிவில் நியாயமாக முடிந்தவரை விரைவில் என்றுதான் இருக்கிறது, நான் பதிலுக்கு 30 நாள் என்று நானே ஒரு தேதி போட்டு எழுதுவேன். அதற்கும் அசையாவிட்டால் தகவல் ஒழுங்குமுறை ஆணையத்துக்கு Form 5-இல் புகார். 58-இல் ஒன்றுக்குத்தான் அதுவரை போக வேண்டியிருந்தது.

அடையாள அட்டை நகல் கேட்பார்கள். நம் 13 இலக்க எண்ணில் முதல் ஆறும் பிறந்த தேதி, அதனால் நகலை அப்படியே அனுப்பாமல் இந்த நிறுவனத்துக்கு, இந்தத் தேதியில், கணக்கு மூட மட்டும் என்று குறுக்கே எழுதி அனுப்புங்கள்.

உள்ளே நுழைய முடிகிற கணக்கில் மட்டும் மூடுவதற்கு முன் அட்டை எண், முகவரி, பிறந்த தேதியை நீக்கிவிடுவது நல்லது, ஏனென்றால் சில தளங்கள் மூடியது போல் காட்டிவிட்டு உள்ளே அப்படியே வைத்திருக்கும். Form 2 அனுப்பப் போகிற கணக்கில் இதைச் செய்யாதீர்கள். அவற்றை நீக்கிவிட்டால் நீங்கள்தான் என்று நிரூபிக்க முடியாமல் போகும்.

வங்கி, ஆயுள் காப்பீட்டோடு சண்டை போட வேண்டாம். உறவு முடிந்த பிறகும் குறைந்தது 5 வருஷம் பதிவுகளை வைத்திருக்கச் சொல்லி கறுப்புப் பணத்தைத் தடுக்கிற ஃபிக்கா சட்டமே சொல்கிறது. துணிக்கடைகளில் கடன் கணக்கு வைத்திருந்தால் பாக்கியைத் தீர்த்து அதைத் தனியாக மூட வேண்டும், ஆன்லைன் கணக்கை மூடினால் அது மூடாது.

"மூடின கணக்கு மறுபடி உயிர் பெற்றுவிட்டது"

எக்ஸ் தளத்தில் 30 நாள் அவகாசம், அதற்குள் உள்ளே நுழையப் பார்த்தால் கணக்கை மீட்கவா என்று கேட்கும், ஆமாம் என்று அழுத்தினால் திரும்பிவிடும். ஃபேஸ்புக்கிலும் 30 நாள், நுழைந்தால் அழிப்பதை ரத்து செய்யலாமா என்று கேட்கும். வீட்டில் பேரப்பிள்ளைகள் விளையாடுகிற பழைய டேப்லெட்டில் ஆப் லாகின் ஆகியே கிடக்கும், யாராவது தொட்டு எதையாவது அழுத்திவிடுவார்கள். மூடும் முன் எல்லாக் கருவியிலிருந்தும் வெளியேறுங்கள். நான் மூடிய தேதியைத் தாளில் எழுதி வைத்து, 35-ஆம் நாள் பாஸ்வேர்ட் மறந்துவிட்டது என்று ஒரு தடவை கொடுத்துப் பார்ப்பேன். மெயில் வரவில்லை என்றால்தான் அந்த வரியை அடிப்பேன்.

"மூடிய பிறகுதான் உள்ளே என்ன இருந்தது என்று தெரிந்தது"

இது எனக்கு நடந்திருக்கும், ஒரு மயிரிழையில் தப்பியது. மூன்றாவது ஞாயிறு, பெரியம்மாவின் ஃபேஸ்புக்கை மூடப் போனேன், அவரே அலுத்துப்போய் மூடச் சொன்னதுதான். பட்டியலை ஒரு தடவை பார்ப்போம் என்று Apps and websites திறந்தால், அந்தக் குடும்ப மரத் தளம் அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. 2012-இல் ஃபேஸ்புக் வழியாக நுழைந்திருக்கிறார். ஃபேஸ்புக் போயிருந்தால் அதற்குள் போகும் கதவும் போயிருக்கும்.

உள்ளே பார்த்தால் 143 பேர். நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்கு வந்த பெரிய தாத்தாவின் கப்பல் பெயர், ஒப்பந்தக் கூலிகளுக்குக் கொடுத்த காலனி எண், வந்து இறங்கிய தேதி என்று எல்லாம் கப்பல் பட்டியல்களைப் பார்த்து அவர் கையால் அடித்தது. அடித்ததையே மறந்திருந்தார்.

அந்தத் தளத்தில் மின்னஞ்சலையும் புது பாஸ்வேர்டையும் வைத்து, ஃபேஸ்புக் இல்லாமல் நுழைய முடிகிறதா என்று வேறொரு பிரவுசரில் சோதித்த பிறகுதான் அடுத்த வேலைக்குப் போனேன். மரத்தை GEDCOM கோப்பாக இறக்கினேன், `.ged` என்று முடியும், வேறு எந்த மரத் தளத்திலும் ஏற்றலாம். அதில் பெயரும் தேதியும் உறவும்தான் வரும், படங்கள் வராது, அவற்றை ஒவ்வொன்றாகத் தனியே இறக்க வேண்டும். 31 படம்.

"அப்போ இதையும் மூடிடலாமா பெரியம்மா?" என்றேன்.

"இதுலயா கை வைக்கப் போற? விட்றா" என்றார்.

தாளில் அந்த வரிக்கு எதிரே மூட வேண்டாம் என்று எழுதினேன். ஃபேஸ்புக்குக்கு அன்றைக்குத்தான் நீக்கு என்று கொடுத்தோம், இன்றைக்கு 19-ஆம் நாள், டேப்லெட்டை அலமாரிக்கு மேலே வைத்திருக்கிறோம்.